பேர் சுரண்டிய அண்டா

அக்கா அண்டாவை விற்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இட்லி மாவு. மாமா செத்த பிறகு அவள் திருத்துறைப்பூண்டியில் வீட்டிலேயே மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். சின்ன கிரைண்டரைக் காலையிலிருந்து இருட்டும்வரை ஓட்டியதில் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோனது. புதுக் கம்பி கட்டிப் போட்டாள், திரும்பவும் எரிந்தது. ஓட்டல்காரர் ஒருவர் கடையை மூடிவிட்டுப் பெரிய சாய்க்கும் கிரைண்டரை விற்பதாகச் சொன்னார். அக்கா கையில் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிக்கு அவள் வீட்டில் விற்க என்ன இருக்கிறது? அம்மா விட்டுப் போன பித்தளை அண்டா ஒன்று இருந்தது.

நான் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்த அண்டா இரண்டு ஆள் உட்காரும் அளவு பெரியது, அடியில் கரி அப்பிக்கிடக்கும், விளிம்புக்குக் கீழே எழுத்து வெட்டியிருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் ஊர் இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்தார். எடைதான் அவருக்குக் கணக்கு. கிலோவுக்கு இவ்வளவு, அடியில் ஓட்டையை அடைத்த ஈயப் பற்றைக் கழித்துக்கொள்வேன் என்றார். அந்தப் பணத்தில் கிரைண்டரின் கல்கூட வராது. அப்போதுதான் அக்காவிடம் மாவு வாங்கும் டீச்சரம்மா சொன்னார், தஞ்சாவூரில் பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது, இப்படிப்பட்டதை ரிசார்ட்காரர்கள் வாங்கிப் பூச்செடி வைக்கிறார்கள், எடைக்கு மூன்று மடங்கு கிடைக்கும் என்று. கடைக்காரரின் நம்பரும் கொடுத்தார். நான் என் போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார்.

"தம்பி, பக்கவாட்டுல பல்லு மாதிரி ஒரு கோடு போகுதே, அது மூட்டா? கிட்டத்துல எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். தகட்டை வளைத்து, இரண்டு ஓரத்தையும் பல்பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்ற வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கைவேலை என்றார். மெஷினில் செய்த அண்டா என்றால் உள்ளே வட்ட வட்டமாகக் கோடு ஓடும், இதில் சுத்தியல் தடம்தான் இருக்கிறது என்றார்.

"ஆனா அறுபது வருஷமா நூறு வருஷமான்னு படத்த வச்சு சொல்ல முடியாது. மூட்டு எல்லாக் காலத்துலயும் போட்டிருக்கான். நேர்ல கொண்டாங்க. பேரு ஏதும் வெட்டியிருக்கா?"

"இருக்குங்க."

"அத படம் எடுத்து அனுப்புங்க தம்பி. அதுலதான் விஷயமே இருக்கு."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. போனை வைத்ததும், "பேர எதுக்குடா கேக்குறான்?" என்றாள்.

"வெல போட கேக்குறாருக்கா."

"பித்தளைக்கு வெல போட பேரு எதுக்கு?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. பேரை மட்டும் நான் படம் எடுத்து அனுப்பவில்லை. அண்டாவில் இருந்தது எங்கள் அம்மா பேர் இல்லை. அம்மா வேலை செய்த பண்ணை வீட்டு அம்மாவின் பேர். கல்யாணச் சீராக வந்த பாத்திரம், அதில் அந்த அம்மாவின் பேரும் ஊரும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டுவது வழக்கம், கல்யாணத்துக்கு இரவல் போனால் திரும்பி வர வேண்டும் என்று. அதாவது ஒரு பாத்திரத்தில் உங்கள் பேர் இல்லையென்றால் அது உங்களுடையது இல்லை.

அம்மா சொன்னது இதுதான். ஒரு வருஷம் வெள்ளத்தில் பயிர் போனது. நட்ட கூலி, களை எடுத்த கூலி எதுவும் வரவில்லை. கேட்டால் விளைந்தால்தானே என்றார்கள். வீட்டில் சோறு இல்லை. அந்த வீட்டு அம்மா கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு, "அய்யாவுக்குத் தெரிய வேணாம், இத எடுத்துட்டுப் போ" என்று அண்டாவைக் கொடுத்தார். அம்மா அதை அடகு வைத்து நெல் வாங்கினார், பிறகு மீட்டார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷா வருஷம் அதில்தான் புளிச்சோறு கிளறுவார். இப்போது கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. பார்த்தவர் யாருமே கிடையாது.

வியாழக்கிழமை வண்டி பேசிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அண்டா தங்கம் மாதிரி இருந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. அக்கா அதை பாலிஷ் பட்டறைக்கு அனுப்பியிருந்தாள். வெளியே உள்ளே அடி எல்லாம் மெஷினில் பஃப் அடித்திருந்தார்கள். பேர் இருந்த இடத்தில் பேர் இல்லை. டிஸ்க் போட்டுத் தேய்த்து வழித்துவிட்டிருந்தார்கள்.

"என்னக்கா இது?"

"அழுக்கா கொண்டுபோயி அவன் முன்னாடி வைக்கச் சொல்றியா? அசிங்கமா இருக்காது?" என்றாள். பிறகு சின்னக் குரலில், "பேரப் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பான்டா."

நல்ல வேலை செய்தாய் என்றுதான் எனக்கும் தோன்றியது. மெஷின் விற்கும்போது நாங்களும் பெயிண்ட் அடித்துத்தானே விற்கிறோம்.

தஞ்சாவூர் கடை என்றால் நான் கண்ணாடிக் கதவு வைத்த கடையை நினைத்திருந்தேன். அது பழைய அரிசி ஆலை கொட்டகை. கதவுகள், தூண்கள், உடைந்த நாற்காலிகள், ஈயம் பூசாத குடங்கள் குவிந்துகிடந்தன. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், கையில் காந்தமும் ஒரு சின்ன அரமும் வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

கடைக்காரர் அந்தக் கட்டிலைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். கால்கள் பழைய தேக்கு, மரமுளை அடித்தது. தலைப்பக்கப் பலகை வேறு மரம், பிறகு மாற்றியது, ஸ்குரூ போட்டிருக்கிறது. உள்பக்கம் இழைக்காத இடத்தில் நகத்தால் கீறினார், மாவு மாதிரி கொட்டியது, வண்டு. "பாய், தலப்பலகை மாத்தணும், மருந்து அடிக்கணும், நாலு கால்தான் உங்களுது. எங்கேந்து வந்த கட்டில்?"

"எங்க தாத்தா பர்மாவுல வாங்கி கப்பல்ல கொண்டாந்தாரு."

"அப்டியா! அப்ப சரி, சேத்துப் போடுறேன்."

அவ்வளவுதான். சீட்டு கேட்கவில்லை, கப்பல் பேர் கேட்கவில்லை. தாத்தா கொண்டுவந்தார், சரி. விலை ஏறிவிட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்து, "கப்பல்னு சொன்னா கட்டில் மெதக்குதும்மா" என்றார். அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

எங்கள் அண்டாவை இறக்கினோம். கடைக்காரர் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுத்தம் பண்ணிக் கொண்டாந்தோம்ங்க."

"புளி போட்டுத் தேச்சாக்கூட தாங்கும். மெஷின்ல பஃப் அடிச்சா நான் எதப் பாத்து வயசு சொல்றது? அடியில கரி இருக்கணும், விளிம்புல கை பட்டுத் தேஞ்ச தடம் இருக்கணும். இப்ப இது போன மாசம் செஞ்ச மாதிரி இருக்கு. பழைய மூட்டு போட்டு புதுசா செஞ்சு விக்கிறவன் இருக்கான், தெரியுமா?"

உட்கார்ந்து விரலை மூட்டின் மேல் ஓட்டினார். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அடியில் ஈயப் பற்று போட்டிருந்த இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. ஈயத்தை எடுத்துவிட்டுப் பித்தளை வைத்துப் பற்ற வைக்க வேண்டும், சூடு பட்ட இடம் நிறம் மாறும், அந்தச் செலவு வேறு என்றார். சமையலுக்கு வாங்குகிறவன் என்றால் உள்ளே ஈயமும் பூச வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல விலை இறங்குவது எங்கள் இரண்டு பேருக்கும் காதில் கேட்டது.

பிறகு அவர் விரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. வழித்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பேரு எங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"தம்பி, பேரு இருக்குன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க? 'லை' பழைய எழுத்துல, யானைத் தும்பிக்கை மாதிரி கொக்கி போட்டு வெட்டியிருந்தா அது எழுத்து மாறுறதுக்கு முன்னாடி வெட்டினதுன்னு தெரியும். ஊர் பேரு இருந்தா எந்தப் பட்டறைன்னு ஓரளவு சொல்லலாம். பேருக்குத்தான் வாங்குறவன் காசு குடுக்குறான். அதப் போயி சொரண்டியிருக்கீங்க?"

அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். அதுதான் மோசம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"பேரு சொரண்டின பாத்திரம் என்கிட்ட வந்தா நான் கேட்டாகணும்மா. கோயில் பாத்திரம் களவு போனா இப்பிடித்தான் வருது. போன வருஷம் ஒரு விளக்கு வாங்கிட்டு நான் ஸ்டேஷனுக்கு அலைஞ்சேன். இது எந்த வீட்டுது?"

"எங்க வீட்டுதுங்க" என்றாள் அக்கா.

"சரி, உங்க வீட்டுதுதான். அதுக்கு முன்னாடி எந்த வீட்டுது?"

அக்கா ஊரைச் சொன்னாள், தெருவைச் சொல்லவில்லை. சொல்லாததிலேயே நாங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்காரனுக்குத் தெரு சொல்லாமல் விட்டால் எந்தத் தெரு என்று தெரியாதா? கூத்தாநல்லூர்ப் பெரியவர் பணத்தை எண்ணிக்கொண்டே மெல்லப் போய்விட்டார். எங்களைப் பார்க்காமல் போனார். அது அவர் மரியாதை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எரிந்தது.

"அவரு கப்பல்னு சொன்னாரு, நம்புனீங்க. நாங்க சொன்னா போலீஸா?" என்றேன்.

"அவரு எதையும் சொரண்டலையே தம்பி."

அவர் சொன்னது நியாயம். அதே சமயம் நியாயம் இல்லை. பேரோடு கொண்டுவந்திருந்தால் அந்த வீட்டுப் பேர் உங்களிடம் எப்படி என்று கேட்டிருப்பார். பேர் இல்லாமல் வந்ததால் ஏன் இல்லை என்று கேட்கிறார். இதை நான் இப்போது எழுதும்போது தெளிவாகச் சொல்கிறேன். அங்கே நின்றபோது வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தைதான், அதையும் விழுங்கினேன்.

அக்கா அம்மாவின் கதையைச் சொன்னாள். வெள்ளம், கூலி, கொல்லைப்புறம் எல்லாவற்றையும். ஒரு கடையில் நின்று, ஒரு ஆளிடம், எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் போனதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்பி என்ன? அந்த வீட்டுக்காரங்க யாராவது ஒரு வார்த்த சொன்னா போதும். அப்ப பெரிய பண்ணை வீட்டுச் சீர்ப் பாத்திரம்னு நான் சொல்லி விப்பேன். பேரு போனாலும் தேய்க்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் உங்க போன்ல இருக்குல்ல? உங்களுக்கும் நல்ல வெல போடுவேன்." ஒரு தொகை சொன்னார். கிரைண்டர் வந்துவிடும் தொகை.

என்னிடம் நம்பர் இருந்தது. அந்த வீட்டுப் பேத்தி திருவாரூரில் இருக்கிறார், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிச்சமிருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். அந்த வயலை அறுக்கிறவன் நான். எத்தனை மூட்டை கண்டது என்று குத்தகைக்காரரை நம்பாமல் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"வேணாம்டா" என்றாள் அக்கா.

"ஒரு வார்த்ததானக்கா."

"வேணாங்குறேன்ல."

நான் அந்த மேடத்துக்குப் போன் போட்டேன். கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே போட்டேன். மேடம் நல்லபடியாகத்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டி குடுத்தாங்களா? எனக்குத் தெரியலையே. அப்பா சொல்லுவாரு, அந்த சமயத்துல வீட்டுலேந்து எவ்வளவோ சாமான் போயிடுச்சுன்னு. அடுக்களைல இருந்தது, கொல்லைல இருந்தது, எல்லாம்."

"குடுத்ததுங்க மேடம். கூலிக்குப் பதிலா."

"இருக்கலாம், இருக்கலாம். பரவால்லப்பா, அவ்வளவு வருஷம் ஆச்சு. போனா போகுது. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம், அவங்களே வச்சுக்கச் சொல்லு. வித்துக்கட்டும். பாவம்."

பிறகு, சம்பா எப்போது அறுக்கப்போகிறாய் என்று கேட்டார். நான் தேதி சொன்னேன். ஆமாம், நின்று தேதி சொன்னேன்.

கடைக்காரர் முகம் தெளிந்துவிட்டது. "போதும் தம்பி. ஆட்சேபம் இல்லன்னுட்டாங்க. ஆதார் நகல் குடுத்துட்டு கையெழுத்துப் போடுங்கம்மா."

அக்கா அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இப்ப என்ன வெல?" என்றாள்.

"சொன்னேனே, அதே வெலதான்."

"அது அந்தம்மா போனா போகுதுன்னு சொன்னதுக்கு வெல. பித்தளைக்கு என்ன வெல?"

அவருக்குப் புரியவில்லை. எடைக்கு என்றால் உங்கள் ஊரிலேயே கொடுக்கலாமே, பாதிகூட வராதே என்றார். அப்படியானால் எடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் கண் முன்னால் உடைத்துப் போடுங்கள் என்றாள் அக்கா. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் உடைக்கிற கடை வச்சிருக்கலம்மா. கைவேலை மூட்டு போட்ட பாத்திரத்த உடைக்கச் சொல்றீங்களே, மனசு வருதா?"

"டேய், தூக்கு" என்றாள் அக்கா.

வண்டியில் வரும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். கையில் வந்ததை விடலாமா, யாரோ என்னவோ சொன்னால் நமக்கென்ன, மாவு மிஷின் வேண்டாமா என்றெல்லாம். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னார்குடி தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா சொன்னத நீ நம்புறியாடா?"

உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த மேடம் சொன்ன, போயிடுச்சு என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கொல்லைப்புறம் என்று அம்மா சொன்னதும், கொல்லைல இருந்தது என்று மேடம் சொன்னதும் ஒன்றோடு ஒன்று உரசின. அய்யாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி ஒருவர் இவ்வளவு பெரிய பாத்திரத்தைக் கொடுப்பாரா என்று கணக்குப் பார்த்தேன். என் அம்மாவை, அந்தக் கடைக்காரர் மூட்டைத் தடவிப் பார்த்த மாதிரி, நானும் தடவிப் பார்த்தேன். அவ்வளவுக்கும் நேரம் ஆகிவிட்டது. "நம்புறேன்க்கா" என்று நான் சொன்னபோது அது எதற்கும் உதவாது என்று எனக்கே தெரிந்தது.



அக்கா வண்டியை நேராக எங்கள் ஊர் இரும்புக் கடைக்கு விடச் சொன்னாள். இரும்புக் கடைக்காரர் அண்டாவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பளபளன்னு தேச்சுக் கொண்டாந்து எடைக்கா போடுறீங்க?" என்றார்.

"போடுங்க."

அவர் சம்மட்டி எடுத்து முதலில் அடியைத் தட்டினார், ஈயத்தைத் தனியாகப் பெயர்க்க. அடி கழன்றது. பிறகு பக்கவாட்டில் ஓங்கிப் போட்டதில் மூட்டு நெடுகப் பிளந்து, பல்பல்லாக வாய் திறந்துகொண்டது. அக்கா கடைசிவரை நின்று பார்த்தாள். எடை போட்ட பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஓட்டல்காரரின் கிரைண்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. அக்கா இன்னும் சின்ன கிரைண்டரில்தான் அரைக்கிறாள், அதுவும் திணறிக்கொண்டு ஓடுகிறது.

அறுவடை முடிந்து கையில் காசு வந்ததும் நான் ஒரு தொகையை எடுத்துக்கொண்டு போனேன். புதுசாகவே ஒன்று வாங்கிக்கொள் என்றேன். கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி அக்கா அதைத் தொடவில்லை. சரி, மேசைமேல் வைக்கிறேன் என்றேன்.

"எடுத்துட்டுப் போ. அம்மா சொன்னத நம்பிட்டு வந்து குடு, வாங்கிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உளுந்தை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் நம்புகிறேன். அந்த வயலில் சம்பா அறுத்தபோது மேடம் கூப்பிட்டு மூட்டைக் கணக்குக் கேட்டார், சொன்னேன். கூலி தராமல் விட்ட வருஷத்துக் கணக்கை நீங்கள் யாரிடம் கேட்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதைக் கேட்காமல் அக்கா வீட்டு வாசலில் போய் நம்புகிறேன் என்று நிற்க எனக்கு முகம் இல்லை. பணம் பீரோவில்தான் இருக்கிறது.